அனாமலி ஸ்கேனுக்கு நாள் குறிக்கும் முன்

ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனுக்கான நாளை, கடைசி மாதவிடாய்த் தேதியை மட்டும் வைத்து எண்ணாமல், முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் உள்ள பிரசவத் தேதியைக் கொண்டு கணக்கிட்டு, 19 அல்லது 20ஆம் வாரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடியும் வரச் சொல்லும் வாய்ப்பு குறையும்.

இந்த ஸ்கேனில் மூளை, முதுகுத்தண்டு, மேலுதடு, இரைப்பை, சிறுநீரகங்கள், கை கால்கள், நஞ்சுக்கொடியின் இடம், பனிக்குட நீரின் அளவு ஆகியவை பார்க்கப்பட்டாலும், அதிக நேரம் எடுப்பது இதயம்தான். அதன் நான்கு அறைகளும், அவற்றிலிருந்து புறப்படும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா என்பதும் தெளிவாகத் தெரிய, இதயம் ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். மாதவிடாய்க் கணக்குப்படி 18 வாரம் ஆன ஒருவருக்கு முதல் ஸ்கேன் 10 நாள் குறைவாகக் காட்டியிருந்தால், குழந்தையின் உண்மையான வயது 16 வாரம் 4 நாள்தான். அந்த அளவில் இதயத்தை முழுமையாகப் பார்ப்பது கடினம்.

முன்பு இதயக் குறையுள்ள குழந்தை பிறந்திருந்தாலோ, கருவுறும் முன்பே சர்க்கரை நோய் இருந்தாலோ இந்தக் கணக்கு மட்டும் போதாது. குழந்தையின் இதயத்துக்கெனத் தனி ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். குழந்தை முதுகைக் காட்டிக் கிடந்தால் சரியான வாரத்திலும் முகமும் இதயமும் தெரியாமல் போகலாம். சிறிது நேரம் நடந்துவிட்டு வரச் சொல்வது அதற்காகத்தான். டவுன் சின்ட்ரோம் இல்லை என்று இந்த ஸ்கேனை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது.