ரிப்போர்ட்டில் H, L பார்த்ததும் செய்யும் தவறுகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் நேராகப் போவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான். பக்கத்தில் அதிகம் என்று H அல்லது குறைவு என்று L இருந்துவிட்டால் வயிற்றைக் கலக்கும். அந்த எழுத்தைப் பெரும்பாலும் கணினியே போடுகிறது. எண் வரம்பைத் தாண்டியதா என்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது.

பல அளவுகளுக்கு வரம்பு எப்படி வருகிறது? ஆரோக்கியமாக இருப்பவர்கள் பலரைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, ஒரு குறையும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் வெளியே நிற்பார்கள். ஒரே தாளில் இருபது முப்பது அளவுகள் இருந்தால் ஒன்றிரண்டு நூலிழையில் தாண்டுவது சகஜம். சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்றவற்றின் எல்லைகள் அப்படியல்ல. அவை பிற்கால ஆபத்தை வைத்துப் போட்டவை. அங்கே இந்தச் சமாதானம் செல்லாது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் வெள்ளை அணுக்கள். ஐந்து வகை அணுக்களையும் ரிப்போர்ட் சதவீதமாகக் காட்டும். ஒருவருக்கு லிம்போசைட் 46 சதவீதம், வரம்பு 20 முதல் 40 என்று வைத்துக்கொள்வோம். உடனே H விழும். ஆனால் மொத்த வெள்ளை அணுக்கள் 5,000 என்றால், அதில் 46 சதவீதம் 2,300தான். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 1,000 முதல் 4,000 வரை இருக்கலாம். ஆக, லிம்போசைட் எண்ணிக்கை அதிகமாகவே இல்லை. மற்றொரு வகை சற்றுக் குறைந்ததால் இதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மொத்தம் 4,200 என்று வரம்புக்குள் இருக்கலாம். அதில் இன்னொரு வகையான நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால் 1,260தான் இருக்கிறது. 1,500க்குக் கீழே போனால் பொதுவாகக் குறைவு என்றே சொல்வார்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தவர் இதைத் தவறவிடுவார். சதவீதத்துக்குக் கீழேயே இந்த நேரடி எண்ணிக்கையையும் பல லேப்கள் அச்சிடுகின்றன. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இல்லையென்றால் நாமே பெருக்கிப் பார்த்துவிடலாம்.

இன்னொரு தவறு, H இல்லாத வரிகளைப் படிக்காமல் தாண்டுவது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் போன வருஷம் 0.7, இப்போது 1.1. லேப் வரம்பு 0.6 முதல் 1.2 என்றால் எந்த எழுத்தும் விழாது. ஆனால் அந்த ஒரே ஆளுக்கு அது பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்திருக்கலாம். தண்ணீர் சரியாகக் குடிக்காததோ ஒரு மாத்திரையோ கூடக் காரணமாகலாம். எதுவென்று மருத்துவர் கண்டுபிடிக்கப் பழைய தாள் வேண்டும், முடிந்தால் அதே லேபில் எடுத்தது. லேப் மாறினால் முறையும் மாறலாம், வரம்பும் மாறலாம்.