துக்கமோ காய்ச்சலோ வந்தால் இன்டர்வியூ தேதியை மாற்றக் கேட்பது: சறுக்கும் இடங்கள்

வியாழக்கிழமை காலை 11 மணிக்கு ஒரு ஐடி கம்பெனியில் இரண்டாம் சுற்று இன்டர்வியூ. செவ்வாய் இரவு பெரியப்பா தவறிவிட்டார் என்று போன் வருகிறது, சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டும். இந்த நிலையில் பலரும் செய்வது, "எல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று விட்டுவிடுவதுதான். அங்கேதான் வாய்ப்பு கைநழுவுகிறது.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹெச்ஆர் இரண்டு மூன்று பேரின் நேரத்தை ஒத்துப் பார்த்து அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். சொல்லாமல் வராதவர் பெயருக்கு எதிரே 'நோ ஷோ' என்று ஏறிவிடும். அதன்பிறகு வரும் உண்மையான காரணமும் சாக்கு மாதிரிதான் தெரியும். இரவு பதினொரு மணிக்கு அனுப்பினாலும் பரவாயில்லை, பஸ்ஸில் உட்கார்ந்ததும் அனுப்பிவிடலாம்.

அனுப்புவதை யாரிடமிருந்து அழைப்பு வந்ததோ அவருக்கே, அதே மெயில் தொடரில் பதிலாக அனுப்புங்கள். கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் அவர்களுக்கும் அதில் நகல் போகட்டும். நோயின் வரலாறு, ஆஸ்பத்திரியில் சேர்த்த கதை எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறோம், ஆனால் விஷயம் இவ்வளவுதான்: "வியாழன் 11 மணிக்கு எனக்கு இரண்டாம் சுற்று இருக்கிறது. என் பெரியப்பா இன்றிரவு காலமாகிவிட்டதால் ஊருக்குப் போகிறேன், அன்று கலந்துகொள்ள இயலாது. அடுத்த வாரம் புதன் முதல் வெள்ளி வரை எந்த நேரம் என்றாலும் வருகிறேன். பயணத்தில் போன் எடுக்க முடியாமல் போகலாம், மெயில் பார்ப்பேன்."

மெயில் அனுப்பியதோடு காலண்டர் அழைப்பையும் கவனியுங்கள். அதை வெறுமனே நிராகரித்தால், உங்கள் மெயிலைப் பார்க்காத இன்டர்வியூ எடுப்பவருக்கு நீங்கள் விலகிக்கொண்டது போலத் தெரியும். நிராகரிக்கும்போதே ஒரு வரி குறிப்பு சேருங்கள்.

அதிகம் தவறுவது தேதியில். "பிறகு தெரிவிக்கிறேன்" என்று விட்டால் ஹெச்ஆருக்குச் செய்ய ஒன்றுமில்லை, இடம் அடுத்தவருக்குப் போகும். பதற்றத்தில் "திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்" என்பதும் ஆபத்துதான். பெரியப்பா என்றால் சில நாளில் திரும்பிவிடலாம். இறந்தது அப்பா, கொள்ளி வைத்தது நீங்கள் என்றால் காரியம் வரை ஊரை விட்டு நகர முடியாது. சில வீடுகளில் அது பத்தாம் நாள், சில வீடுகளில் பதினாறாம் நாள். முதல் முறை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், இரண்டாம் முறை கேட்பது மிகக் கடினம். அதனால் வீட்டுப் பெரியவரிடம் காரியத் தேதியைக் கேட்டுவிட்டே நாள் சொல்லுங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றினால் வீடியோ இன்டர்வியூ முடியுமா என்று கேட்கலாம். ஆனால் ஆட்கள் வந்து போகும் துக்க வீட்டில் உட்கார்ந்து அதைச் செய்யாதீர்கள். சிக்னல் நன்றாக இருக்கும் நண்பர் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா என்றால் இரக்கம் வராதோ என்று 'அப்பா' என்று எழுதுகிறவர்கள் உண்டு. வேலை கிடைத்த பிறகு மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் பெற்றோர் விவரம் கேட்பார்கள். அப்போது என்ன எழுதுவீர்கள்? அதேபோல் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படமெடுத்து முதல் மெயிலிலேயே இணைக்க வேண்டியதில்லை. ஆதாரம் கேட்டால் கொடுத்தால் போதும்.

உடம்பு சரியில்லாதபோது வேறு மாதிரித் தவறு நடக்கும். டெங்குவில் காய்ச்சல் இறங்கியதும் "நாளைக்கே வருகிறேன்" என்று எழுதிவிடுகிறோம். டெங்கு மோசமாகும் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் தொடங்கும், அதன்பிறகும் அசதி சில வாரம் இருக்கலாம். டாக்டர் சொன்ன ஓய்வு நாட்களோடு இன்னும் சில நாள் கூட்டிக் கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்வது உங்கள் விருப்பம், "டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்" என்பதே போதும்.

ஆன்லைன் தேர்வு என்றால், "முடிந்தவரை எழுதிப் பார்ப்போம்" என்று தொடங்கிவிடுவதுதான் பெரிய தவறு. பெரும்பாலான தளங்களில் தொடங்கியதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், ஜன்னலை மூடினாலும் நிற்காது. தொடங்காத லிங்க்கின் கெடுவை நீட்டுவது ஹெச்ஆருக்குச் சுலபம். பாதி எழுதியதை அழித்து மறுபடி திறக்கப் பல பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். தேர்வுத் தளத்தின் உதவி மையத்துக்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், கெடுவை முடிவு செய்வது பொதுவாக அழைத்த கம்பெனிதான்.

இதெல்லாம் தனியார் கம்பெனிகளுக்கு. யுபிஎஸ்சி ஆளுமைத் தேர்வு போன்றவற்றில் தேதியை மாற்றக் கேட்கும் விண்ணப்பங்களைப் பொதுவாக ஏற்பதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அங்கே விதிவிலக்கு கிடைக்கும் என்று நம்பி ஊரிலேயே இருந்துவிடாமல், அழைப்புக் கடிதத்தில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டு அன்றே ஆணையத்துக்கு எழுதி, பதில் வரும்வரை போவதற்கான டிக்கெட்டை ரத்து செய்யாமல் வைத்திருங்கள்.