படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் தெருச்சண்டை வீடியோ மாதிரி ஏதாவது நம்பலாமா என்று சந்தேகம் வந்தால், ஹெட்போன் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். கணினியில் என்றால் ffmpeg என்ற மென்பொருளை வைத்து, இந்தக் கட்டளையால் ஒலியை மட்டும் பிரித்தெடுக்கலாம்:

```
ffmpeg -i video.mp4 -vn audio.wav
```

முதலில் பின்னணி இரைச்சலைக் கவனியுங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. பேச்சுக்கு அடியில் ஓடும் வண்டிச் சத்தமோ ஃபேன் சத்தமோ திடீரென அறுந்து வேறு மாதிரி தொடர்ந்தால் அங்கே பெரும்பாலும் வீடியோவை வெட்டி ஒட்டியிருப்பார்கள். இசை மட்டும் அந்த இடத்திலும் தடங்கலில்லாமல் ஓடினால், அது பெரும்பாலும் பிறகு சேர்த்த இசை. சோகமான வயலின் அங்கே என்ன நடந்தது என்று சொல்லாது, எடிட் செய்தவர் நம்மை எப்படி உணரவைக்க நினைத்தார் என்பதை மட்டும்தான் சொல்லும்.

அப்புறம் ஆள் கணக்கு. நாலு குரல் கேட்டால் பேசியவர்கள் சுமார் நாலு பேர், அவ்வளவுதான். பேசாமல் நின்றவர்கள் பத்துப் பேரா, யாருமே இல்லையா என்பது காதுக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது இந்தக் கணக்கும் குழம்பும், ஒருவரே கோபத்தில் குரல் மாறினால் இரண்டு பேராகக் கேட்கும். யார் யாரை அடித்தார்கள் என்பதை "ஐயோ" என்ற சத்தத்தை வைத்து முடிவு செய்யவே முடியாது. மழைச் சத்தமும் அப்படித்தான், எண்ணெயில் ஏதோ பொரிவதும் மட்டமான மைக்கில் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் கேட்கும்.