ரெஸ்யூம் செக்கரில் 90 வந்தால் என்ன அர்த்தம்?

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் போன் செய்தான். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். வேலை விளம்பரத்தோடு ரெஸ்யூம் எவ்வளவு பொருந்துகிறது என்று சதவீதம் சொல்லும் செக்கரில் போட்டுப் பார்த்திருக்கிறான். "அண்ணா, மொதல்ல 55 வந்துச்சு, இப்ப 90 ஆயிடுச்சு. கூப்பிட்டுருவாங்கல்ல?" குரலில் பரீட்சை ரிசல்ட் வந்த சந்தோஷம். இதே சந்தோஷத்தில் நான் ஒரு காலத்தில் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பதால் அந்த எரிச்சல் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

எழுத்துப்பிழை, பழைய போன் நம்பர், வேறொரு கம்பெனிக்கு எழுதிய கடிதத்தையே அனுப்பிவிடுவது, இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன். செக்கரை வைத்துக்கொண்டு செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சதவீதத்தை வாய்ப்பாகப் படிப்பது

90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்பது முறை கூப்பிடுவார்கள் என்று பொருள் இல்லை. பெரும்பாலான செக்கர்கள் செய்வது இதுதான்: வேலை விளம்பரத்திலிருந்து முக்கியமாகத் தோன்றும் சொற்களைப் பொறுக்குகின்றன, அவற்றில் எத்தனை உங்கள் ரெஸ்யூமில் இருக்கின்றன என்று எண்ணுகின்றன. சில செக்கர்கள் பதவிப்பெயர், கல்வி, பக்க அமைப்பு ஆகியவற்றுக்கும் கொஞ்சம் மதிப்பெண் சேர்க்கும். சில, பொருளில் நெருங்கிய சொற்களையும் ஓரளவு கணக்கில் எடுக்கும். ஆனால் அடித்தளம் சொல் ஒற்றுமைதான்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். விளம்பரத்தை அப்படியே காப்பி செய்து ரெஸ்யூம் பெட்டியிலும் ஒட்டுங்கள். எண் எகிறும். ஆளே இல்லாத ரெஸ்யூம், ஆனால் பொருத்தம் பிரமாதம்! அப்புறம் உங்கள் ரெஸ்யூமில் "எனக்கு இது தெரியாது" என்று ஒரு வரியில் விடுபட்ட சொல்லை எழுதிப் பாருங்கள். வெறுமனே எண்ணும் செக்கராக இருந்தால் அதற்கும் பச்சை டிக் போடும்.

இன்னொன்று. இந்த எண் உங்களுக்கு மட்டும் தெரியும் எண். கம்பெனி வைத்திருக்கும் மென்பொருள் வேறு, அதன் கணக்கு வேறு. அங்கே தானாக நிராகரிப்பு நடந்தால், அது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் நேரடிக் கேள்விகளால் நடக்கும்: இத்தனை வருட அனுபவம் உண்டா, இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பது போல. அதில் 'இல்லை' என்று டிக் செய்தால் 90 காப்பாற்றாது.

எண்ணைத் துரத்துவது

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பையனின் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். செக்கர் விளம்பரத்திலிருந்து 20 சொற்களைப் பொறுக்கியிருந்தது. முதலில் 11 பொருந்தின, அதனால் 55. விடுபட்டவை ஒன்பது. அவற்றில் மூன்று வெறும் அலங்காரம்: `passionate`, `fast-paced`, `team player`. நான்கு, அவன் உண்மையிலேயே செய்தவை, ஆனால் வேறு பெயரில் எழுதியிருந்தான். விளம்பரத்தில் `A/B testing`, இவன் எழுதியது `split test`. விளம்பரத்தில் `Excel`, இவன் எழுதியது `spreadsheets`. இப்படி நான்கு. மீதி இரண்டு: தகவலை வரைபட அறிக்கையாக்கும் `Tableau`, நிரல் எழுதும் `Python`.

அவன் ஏழு சொற்களைச் சேர்த்தான். 18 ஆயிற்று, 90 சதவீதம். சேர்த்த ஏழும் அவனுடைய திறமையை ஒரு இம்மிகூட மாற்றவில்லை. ஆனால் விடுபட்ட இரண்டும், அந்த விளம்பரத்தில் "கட்டாயம் வேண்டும்" என்ற தலைப்பின் கீழ் முதலில் இருந்தவை. செக்கருக்கு `passionate` ஒரு சொல், `Tableau`வும் ஒரு சொல். ஆள் எடுப்பவருக்கு முதலாவது காற்று, இரண்டாவது வேலையே. மீதமிருந்த அந்த 10 சதவீதத்துக்குள்தான் முழுப் பிரச்சினையும் ஒளிந்திருந்தது.

அடுத்து அவன் கேட்டான்: "அண்ணா, அந்த ரெண்டையும் போட்டுட்டா 100 வந்துரும்ல?"

நான் போட்டவன். என்னுடைய எண் எழுபதுகளில் நின்றபோது, விடுபட்ட பட்டியலில், பெரிய தகவல் குவியலைப் பல கணினிகளில் பிரித்துக் கையாளும் `Hadoop` இருந்தது. ஒரு வீடியோ பாடம் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். திறன்கள் வரிசையில் சேர்த்தேன். இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்க கிளஸ்டர்ல எத்தனை நோடு இருந்துச்சு?" நான் ஒரு எண்ணைச் சொன்னேன். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு, நான் நான்கு வருடம் நிஜமாகச் செய்த வேலையைப் பற்றிக் கேட்டபோதும் அவர் பாதி நம்பாமல்தான் கேட்டார். ஒரு பொய்ச்சொல் மற்ற உண்மைகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி விண்ணப்பித்தேன். பழைய இன்டர்வியூ குறிப்பு அவர்கள் கணினியில் பத்திரமாக இருந்தது. அங்கே வேலை பார்த்த நண்பர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்தச் சொல்லைச் சேர்த்ததால் எனக்குக் கிடைத்தது நான்கு சதவீதம்.

வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளிப்பது

மென்பொருள் எழுத்தை மட்டும் உருவி எடுத்துக் காட்டும்போது வெள்ளையும் கறுப்பாகிவிடும், ஒளித்தது ஆள் எடுப்பவர் கண்ணில் பட்டுவிடும்.

மூன்று செக்கரில் போட்டுச் சராசரி எடுப்பது

மூன்றும் மூன்று விதமாக எண்ணுகின்றன. சராசரிக்கு அர்த்தமே இல்லை.

எண் குறைந்ததும் உள்ளடக்கத்தில் கை வைப்பது

முதலில் செக்கர் உங்கள் ரெஸ்யூமை ஒழுங்காகப் படித்ததா என்று பாருங்கள். பிடிஎஃபைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ஒரு வெற்று நோட்பேடில் ஒட்டுங்கள். இடமும் வலமுமாக இரண்டு நெடுவரிசையில் அமைத்த ரெஸ்யூம் என்றால் இடது வரியும் வலது வரியும் பின்னிக்கொண்டு வரலாம். படமாகச் சேர்த்த சொற்கள் வரவே வராது. நோட்பேடில் இல்லாத சொல் செக்கரிலும் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். இந்தக் கோளாறைச் சரிசெய்வதில்தான் செக்கர் உண்மையாகவே உதவுகிறது, ஏனென்றால் கம்பெனி மென்பொருளும் இதே இடத்தில் தடுமாறக்கூடும்.

சிவப்பாக இருப்பதையெல்லாம் பச்சையாக்குவது

சதவீதத்தை மறைத்துவிட்டு, விடுபட்ட சொற்களின் பட்டியலை மட்டும் பார்க்கலாம் என்றேன் பையனிடம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வி: இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியுமா?

வேறு பெயரில் இருந்த நான்கையும் விளம்பரத்தின் பெயருக்கு மாற்றியது சரி, அப்படியே வைத்தோம். அலங்காரம் மூன்றையும் எடுத்தோம். 75க்கு இறங்கியது, முகம் வாடிவிட்டது. `Python` பற்றிக் கேட்டபோது, விற்பனைத் தகவலைச் சுத்தம் செய்ய அதில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறான் என்று தெரிந்தது. ரெஸ்யூமில் "தானியங்கி முறையில் சுத்தம் செய்தேன்" என்று மட்டும் இருந்தது. என்ன எழுதினான், எதற்கு என்று ஒரு வரியில் சேர்த்தோம். 16 சொல், 80 சதவீதம். `Tableau` தெரியாது, ஆனால் `Power BI`-இல் மூன்று மாதம் அறிக்கைகள் செய்திருக்கிறான். அதை எழுதினோம். செக்கர் அதற்கு ஒன்றும் தரவில்லை. படிக்கும் மனிதருக்கு இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று தெரியும்.

`Tableau` இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அப்படியே அனுப்பச் சொன்னேன்.