வீடு மாற்றும் வேலைக்கு ரேட் சொல்வது எப்படி? ஒரு டபுள் பெட்ரூம் வீட்டை வைத்து முழுக் கணக்கு

ஷிஃப்டிங் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் போனை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, “எங்கிருந்து எங்கே சார்?” என்பதுதான். தூரத்தைக் கேட்டதும் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். ஊருக்குள்ளேயே நடக்கும் வேலையில் தூரம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். டீசல் செலவு மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பணம் போவது ஆள் கூலியில். அந்தக் கூலியைத் தீர்மானிப்பது மாடிப்படி, வண்டி நிற்கும் இடம், எத்தனை டிரிப் என்ற மூன்றும்தான்.

ஒரு வேலையை எடுத்து முழுக்கக் கணக்குப் போடுவோம். சென்னை வேளச்சேரியில் லிஃப்ட் இல்லாத வீடு, இரண்டாவது மாடி. போக வேண்டியது சேலையூர், முதல் மாடி, அங்கும் லிஃப்ட் கிடையாது. வண்டியும் ஆட்களும் பள்ளிக்கரணையில் இருக்கிறார்கள். கூலி, வாடகைத் தொகைகளை உதாரணத்துக்குத்தான் போடுகிறேன். உங்கள் ஊர் ரேட்டை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சாமான் பட்டியல்

நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. முடியாவிட்டால் வாட்ஸ்அப் வீடியோ காலில் வீடு முழுக்கக் காட்டச் சொல்லுங்கள். ஹால், பெட்ரூம் எல்லாம் அவர்களே காட்டிவிடுவார்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை வேறு: பரண், பால்கனி, கட்டிலுக்கு அடியில், மொட்டை மாடி.

“பரண்ல என்னம்மா இருக்கு?”

“அதுல ஒண்ணுமில்ல தம்பி, நாலு பழைய பாத்திரம்தான்.”

“கதவைத் திறந்து காட்டிடுங்கம்மா, ஒரு நிமிஷம்.”

திறந்தால் கொலுப் படி, கொலு பொம்மைப் பெட்டி, சீர் வரிசையில் வந்த அண்டா, பிள்ளைகளின் பழைய சைக்கிள் என்று வரிசையாக இருக்கும். அம்மா பொய் சொல்லவில்லை. வருஷம் முழுக்கக் கண்ணில் படாத சாமான், கேட்டதும் ஞாபகத்துக்கு வராது. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: பீரோவைக் காலி செய்துவிடுவார்களா? பட்டுப் புடவையோடு பூட்டி வைத்த ஸ்டீல் பீரோவை மாடியிலிருந்து இறக்க ஒரு ஆள் கூடுதலாக வேண்டும், கதவும் கோணிவிடும்.

2. கன அடிக் கணக்கு

ஒவ்வொரு சாமானின் நீளம், அகலம், உயரத்தையும் அடியில் பெருக்கினால் அது பிடிக்கும் இடம் கிடைக்கும். கொஞ்ச நாளில் டேப் தேவைப்படாது, கண்ணே சொல்லிவிடும். நம் வேளச்சேரி வீட்டில் இப்படி வருகிறது:

- டபுள் டோர் ஃப்ரிட்ஜ் 30, வாஷிங் மெஷின் 12
- ஸ்டீல் பீரோ இரண்டு, 60
- கழற்றிய கட்டில் இரண்டு 30, மெத்தை இரண்டு 32
- மூன்று பேர் உட்காரும் சோபா 50
- டைனிங் டேபிளும் நாற்காலிகளும் 45
- டிவி 6. கிரைண்டர், அடுப்பு, சிலிண்டர் 15
- ஒன்றரை அடி சதுர அட்டைப்பெட்டி 25, மொத்தம் 85
- துணி மூட்டை ஆறு 24. பக்கெட், பூந்தொட்டி போன்ற சில்லறை 11

கூட்டினால் 400 கன அடி. எவ்வளவு துருவிக் கேட்டாலும் கடைசி நேரத்தில் ஏதாவது முளைக்கும் என்பதால் பத்து சதவீதம் சேர்த்து 440 என்று வைத்துக்கொள்கிறேன்.

3. எத்தனை டிரிப்?

வண்டியின் உள்ளளவை நீங்களே டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். ஒரே மாடல் வண்டிக்குக்கூட பாடி கட்டியவரைப் பொறுத்து அளவு மாறும். இந்த வேலைக்கு நான் எடுப்பது 407 வண்டி. தொட்டி நீளம் 10 அடி, அகலம் ஐந்தரை, ஆறடி உயரம் வரை அடுக்கலாம். பெருக்கினால் 330 கன அடி. அதை முழுக்க நிரப்ப முடியாது. சோபாவின் கைப்பிடிக்கு அடியில், பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் இடம் வீணாகத்தான் செய்யும். நன்றாக அடுக்கத் தெரிந்த ஆள் இருந்தால் எண்பது சதவீதம் வரும், அதாவது 264.

440-ஐ 264-ஆல் வகுத்தால் 1.67. இரண்டு டிரிப், இரண்டாவதில் கொஞ்சம் இடம் மிஞ்சும். விடை 1.9 போல வந்திருந்தால் இரண்டு என்று சொல்லத் தயங்குவேன். அது மூன்றாவது டிரிப்பின் வாசலில் நிற்கும் வேலை. ஒன்று பெரிய வண்டி பார்க்க வேண்டும், அல்லது மூன்றாவது டிரிப்புக்கு என்ன தொகை என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

எடையும் கவனம். வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் எடைக்கு முன்னாலேயே இடம் தீர்ந்துவிடும். வக்கீல் வீடு, வாத்தியார் வீடு என்றால் மட்டும் புத்தகப் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். குட்டி யானை மாதிரி சின்ன வண்டி அங்கே பாதி நிறையும்போதே உட்கார்ந்துவிடும்.

4. மாடியும் சந்தும்

“முதல் மாடிதான்” என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அடியில் பார்க்கிங் விட்ட கட்டடத்தில் முதல் வீடே ஒரு மாடி ஏறித்தான் இருக்கும். சிலர் அதைத் தரைத்தளம் என்பார்கள், சிலர் முதல் மாடி என்பார்கள். எத்தனை படி என்று கேட்டால் குழப்பம் இல்லை. சுமார் இருபது படி ஒரு மாடி. படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் வீடியோவில் பாருங்கள். சோபா அங்கே திரும்பாவிட்டால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்க வேண்டிவரும், அதற்குத் தனித் தொகை.

இனி ஆள் நடை. ஒருவர் ஒருமுறை தூக்கிக்கொண்டு போய், வெறுங்கையோடு திரும்பி வருவது ஒரு நடை. அட்டைப்பெட்டிக்கு ஒன்று. மூன்று பேர் தூக்கும் ஃப்ரிட்ஜுக்கு மூன்று. பட்டியல் முழுக்க இப்படி எண்ணினால் இந்த வீட்டில் 70 நடை வருகிறது.

ஒரு நடைக்கு நான் போடும் நேரம்: வீட்டு வாசலிலேயே வண்டி நின்றால் 2 நிமிடம். ஒவ்வொரு மாடிக்கும் கூட 1 நிமிடம். வண்டி தள்ளி நின்றால் ஒவ்வொரு 25 மீட்டருக்கும் 1 நிமிடம்.

வேளச்சேரியில் கேட் வரை வண்டி வரும். இரண்டு மாடி, ஆக ஒரு நடைக்கு 4 நிமிடம். சேலையூரில் தாழத் தொங்கும் கேபிள் வயரால் வண்டி சந்துக்குள் போகாது, 50 மீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். ஒரு மாடிதான், ஆனால் சந்துக்கு இரண்டு நிமிடம் சேர்ந்து 5 ஆகிறது. இரண்டாவது மாடியை விட முதல் மாடி அதிக நேரம் தின்கிறது! வண்டி எங்கே நிற்கும் என்று கேட்காமல் மாடியை மட்டும் கேட்டு ரேட் சொல்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

நான்கு லோடுமேன் போனால் நான்கு பேரும் தூக்க மாட்டார்கள். ஒருவர் வண்டிக்குள் நின்று அடுக்க வேண்டும், அல்லது இறக்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே மூன்றால்தான் வகுக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வேகம் குறையும் என்பதால் இருபது சதவீதம் சேர்க்க வேண்டும்.

```
ஏற்ற:    70 × 4 ÷ 3 × 1.2 = 112 நிமிடம்
இறக்க:  70 × 5 ÷ 3 × 1.2 = 140 நிமிடம்
கட்டில் கழற்றி மாட்ட, சுற்றிக் கட்ட = 60 நிமிடம்
```

மொத்தம் 312 நிமிடம், ஐந்தேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வண்டி ஓடும் நேரம் இதில் சேரவில்லை.

5. தூரம்

பள்ளிக்கரணையிலிருந்து வேளச்சேரி 5 கி.மீ., அங்கிருந்து சேலையூர் 13, அங்கிருந்து திரும்பி வர 8. ஒரு டிரிப் என்றால் 26 கி.மீ. இரண்டாவது டிரிப்புக்குச் சேலையூரிலிருந்து வேளச்சேரிக்குக் காலி வண்டியாக 13, மறுபடி லோடோடு 13. இந்தக் காலி ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். மொத்தம் 52 கி.மீ. மேடவாக்கம் வழியாகப் போகும் அந்தச் சாலையில் லோடு வண்டிக்கு மணிக்கு 20 கி.மீ. என்று போட்டால் 156 நிமிடம். மொத்த வேலை நேரம் 468 நிமிடம், எட்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சரக்கு வண்டிக்குக் காலை, மாலை நெரிசல் நேரத் தடை உள்ள சாலை ஏதாவது வழியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துப் புறப்படும் நேரத்தை வையுங்கள்.

14 அடி வண்டி எடுத்தால் ஒரே டிரிப்பில் முடியுமே என்று தோன்றும். முடியும். ஆனால் அந்த வண்டி சேலையூரில் மெயின் ரோட்டிலேயே நிற்கும். அங்கிருந்து வீடு 100 மீட்டர். ஒரு நடை 7 நிமிடமாகி, இறக்க மட்டும் 196 நிமிடம் பிடிக்கும். ஓட்டத்தில் 78 நிமிடம் மிச்சம், நடையில் 56 நிமிடம் நஷ்டம். கையில் நிற்பது 22 நிமிடமும் முந்நூறு ரூபாய் டீசலும்தான். பெரிய வண்டிக்கு வாடகை அதைவிடக் கூட. அதனால் இங்கே சின்ன வண்டியில் இரண்டு டிரிப்தான் சரி. இதே வேலை செங்கல்பட்டுக்கு என்றால் கணக்கு தலைகீழாகும். நாற்பது கி.மீ. தூரத்துக்கு இரண்டாவது டிரிப் எண்பது கி.மீ. ஓட்டத்தைச் சேர்க்கும், ஆட்களின் வேலை இரண்டாம் நாளுக்குப் போய்விடும்.

6. தொகை

```
407 வாடகை, டிரைவரோடு      3,000
டீசல் 52 ÷ 8 × 92              600
லோடுமேன் 4 × 1,000          4,000
பபிள் ஷீட், கயிறு, டேப்          600
டீ, சாப்பாடு                    500
                              -----
                              8,700
லாபம் 20%                    1,740
                             10,440
```

டீசல் கணக்கில் லிட்டருக்கு 8 கி.மீ., லிட்டர் விலை 92 ரூபாய் என்று உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன். 10,500 என்று சொல்லலாம். பேரம் பேசினால் லாபத்திலிருந்து கொஞ்சம் விடுங்கள். ஒரு ஆளைக் குறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடுக்குபவர் போக இரண்டு பேர்தான் தூக்குவார்கள். ஏற்றி இறக்க ஆகும் 252 நிமிடம் 378 ஆகிவிடும். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டி, ஓவர்டைம் கொடுத்தால் குறைத்த கூலி திரும்பப் போய்விடும்.

ஆடி, மார்கழியில் வேலை குறைவு, அப்போது ரேட்டை இறக்குவதில் தப்பில்லை. தை பிறந்ததும், முகூர்த்த நாளோடு மாதக் கடைசியும் சேர்ந்து வந்தால், லோடுமேன் கூலியே ஏறிவிடும். அன்றைய கூலியை விசாரித்த பிறகு ரேட் சொல்லுங்கள். விடியற்காலை நல்ல நேரத்தில் பால் காய்ச்ச வேண்டும் என்பார்கள். அடுப்பு, சிலிண்டர், சாமி படம் இவற்றை முந்தின நாளே அவர்கள் காரில் கொண்டுபோகச் சொல்லிவிட்டால் நீங்கள் நாலு மணிக்கு வண்டி எடுக்க வேண்டியதில்லை.

7. எழுத்தில் அனுப்புவது

போனில் சொன்னது போதாது. தொகை எதையெல்லாம் நம்பிப் போடப்பட்டது என்பதும் அதே மெசேஜில் இருக்க வேண்டும்:

“வேளச்சேரி இரண்டாவது மாடி – சேலையூர் முதல் மாடி. இரண்டு டிரிப், நான்கு ஆள், 10,500 ரூபாய். வீடியோவில் காட்டிய சாமானுக்கும் 50 மீட்டர் தூரத்தில் வண்டி நிற்பதற்கும் உள்ள ரேட் இது. பாத்திரம், துணி நீங்கள் பேக் செய்து வைக்க வேண்டும். பீரோ காலியாக இருக்க வேண்டும். ஏசி கழற்றி மாட்டுவது சேராது. மூன்றாவது டிரிப் தேவைப்பட்டால் 1,500 கூடுதல்.”

அந்த மூன்றாவது டிரிப் வருமா என்பது முதல் லோடு ஏறும்போதே தெரிந்துவிடும். முதல் லோடு கட்டி முடித்ததும் பட்டியலை எடுத்து, வீட்டில் மிச்சமிருப்பதைக் கூட்டிப் பாருங்கள். அது 264-ஐத் தாண்டினால், வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரரை அழைத்துக் காட்டி, 1,500-க்குச் சம்மதம் வாங்கிவிடுங்கள். அல்லது அவர்களே எதையாவது பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் சேலையூரில் எல்லாவற்றையும் இறக்கிய பிறகு கேட்டால் சண்டைதான் வரும், பணம் வராது.