கலக்காத பேனையில் 18 என்பது 18 அல்ல

வெள்ளவத்தையில் என் பெரியம்மாவின் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. சுகர் பார்க்கும் நாளெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் எண்ணைக் குறித்துவைப்பார். புதிய இன்சுலின் பேனை திறக்கும் நாளில் ஒரு சிலுவைக் குறி போடுவார். பாமசியில் எத்தனை வாங்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கத்தான் அந்தக் குறி. ஆனால் அவருடைய சிக்கலைக் காட்டிக்கொடுத்தது அதுதான். நான் பாமசியில் வேலை செய்பவன். அப்படியிருந்தும் இரண்டு மாத நாட்காட்டியைப் புரட்டிய பிறகுதான் எனக்கே விளங்கியது.

அவருக்குக் கொடுத்திருப்பது 30/70 கலவை இன்சுலின். காலையில் 18 யூனிட், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 10. சிலுவைக் குறிக்குப் பிறகு வந்த நாலைந்து நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய சுகர் 240, 270, 285 என்று நின்றது. வெறுவயிற்றில் பார்த்தாலும் 190க்குக் குறையவில்லை. ஆனால் பேனை முடியப்போகும் நாட்களில் நிலைமை தலைகீழ். பின்னேரம் 62. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு வியர்த்துக் கொட்டி எழும்பியபோது 54. அப்புறம் புதுப் பேனை, மறுபடி 260. சாப்பாட்டில் பிழை என்றால் பேனையோடு சேர்ந்து ஏறி இறங்காது. குற்றவாளி பேனைக்குள்தான் இருந்தது.

கலங்கல் இன்சுலினுக்குள் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. 30 பங்கு நீரில் கரைந்த, விரைவாக வேலை செய்யும் இன்சுலின். 70 பங்கு நுண்ணிய துகள்களாக மிதக்கும், மெதுவாகக் கரையும் இன்சுலின். பாலைப் போன்ற நிறம் வருவது இந்தத் துகள்களால்தான். பேனையை அசையாமல் வைத்தால் துகள் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் மட்டும் நிற்கும். பெரியம்மா பேனையை மூடி மேலே இருக்கும்படி ஒரு சில்வர் டம்ளரில் நிறுத்தி, ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருந்தார். ஊசி பூட்டும் முனை மூடிப் பக்கம் இருப்பதால், ஊசிக்கு அருகே தெளிந்த பகுதி, மறுமுனையில் துகள்.

சரியாகக் கலந்த 18 யூனிட்டில் விரைவானது 5.4, மெதுவானது 12.6. கலக்காமல் தெளிந்த பகுதியிலிருந்து எடுத்தால் அந்த 5.4 மட்டும் ஏறக்குறைய அப்படியே வரும், 12.6 வரவே வராது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் எண் நன்றாகவே இருக்கும், ஆகையால் யாருக்கும் சந்தேகம் வராது. பின்னேரத்தில்தான் ஏறும். பேனையின் கடைசியில் மிச்சமிருப்பதோ துகள் குவிந்த பகுதி. அதே 18இல் மெதுவான பங்கு 12.6ஐத் தாண்டிப் போகும். இரவு ஏழு மணிக்குப் போட்டது நள்ளிரவுக்குப் பிறகு உச்சம் பிடித்து, மூன்று மணிக்கு ஆளை எழுப்பும். நடைமுறையில் யாரும் முழுக்க அசைக்காமல் விடுவதில்லை. பெரியம்மாவும் இரண்டு முறை ஆட்டுவார். ஆகவே உண்மை இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கோ இருக்கும். 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வு, நோயாளிகளின் பேனைகளில் இந்த மெதுவான இன்சுலின் இருக்க வேண்டிய அளவில் 5 சதவீதம் முதல் 214 சதவீதம் வரை மாறிக் கிடந்ததைக் காட்டியது.

ஆகவே முதல் தவறு, ஆட்டினால் போதும் என்று நினைப்பது. குலுக்குவதும் பிழைதான், நுரை வந்து காற்றுக் குமிழிகள் சேரும். பேனையைப் படுக்கையாகப் பிடித்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பத்து முறை உருட்ட வேண்டும். பிறகு தலைகீழாகவும் நேராகவும் பத்து முறை மெதுவாகத் திருப்ப வேண்டும். பல பேனைகளில் உள்ளே ஒரு சிறு கண்ணாடி மணி இருக்கும். ஒவ்வொரு திருப்பலிலும் அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறதா என்று பார்த்தால் போதும், எண்ணிக்கை தானாகச் சரியாகிவிடும். முடிவில் முழுக் குழாயும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும். எங்காவது தெளிந்த பட்டை தெரிந்தால் இன்னும் திருப்புங்கள். எவ்வளவு திருப்பியும் கட்டி மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படிந்ததுபோல் ஒட்டியிருந்தாலோ அந்தப் பேனை வேண்டாம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு கலப்பது கடினம். திறக்காத பேனைகள்தான் ஃபிரிட்ஜில், 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவனையில் உள்ள கலவைப் பேனையைப் பொதுவாக 30 பாகைக்கு மேல் போகாத இடத்தில் வெளியே வைக்கலாம். எத்தனை வாரம் என்பது பேனைக்குப் பேனை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். கொழும்பு வெக்கையில் சமையலறை மேசையும் யன்னல் ஓரமும் சரிவராது. பெரியம்மா இப்போது சாமியறை அலுமாரியின் கீழ்த்தட்டில் படுக்கையாக வைக்கிறார், வீட்டில் குளிர்ந்த மூலை அதுதான். கலந்தவுடன் போட வேண்டும் என்பதும் முக்கியம். நடுவில் தொலைபேசி வந்து பத்து நிமிடம் பேசினால் மறுபடி திருப்பித்தான் ஆக வேண்டும்.

ஒரு காலை நான் பக்கத்தில் இருந்து, ஒன்றும் சொல்லாமல் அவர் ஊசி போடுவதைப் பார்த்தேன். ஊசி நேற்றிலிருந்தே பூட்டியபடி இருந்தது. அதே ஊசிதான் ஒரு கிழமையாக. ஊசியைக் கழற்றாமல் வைத்தால் அது திறந்த குழாய் மாதிரி: சூடேறும்போது இன்சுலின் கசியும், குளிரும்போது காற்று உள்ளே போகும். கலங்கல் இன்சுலினில் இன்னொரு தொல்லை, துகள் காய்ந்து ஊசித் துளையையே அடைத்துவிடும். அடைத்த ஊசியோடு பொத்தானை அழுத்தினால் கை வலிக்கும், மருந்து இறங்காது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே விடச் சொல்கிறோம். இரண்டு மூடிகளையும் கழற்றி (உள் மூடியை மறந்து அதன் மேலேயே அழுத்துபவர்களும் உண்டு), ஊசியை மேலே பார்க்கப் பிடித்து, குழாயை விரலால் தட்டி, 2க்குத் திருப்பி அழுத்த வேண்டும். முனையில் ஒரு துளி தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. தெரியாவிட்டால் திரும்பவும் 2. ஆறு முறைக்குள் வராவிட்டால் ஊசியை மாற்றுங்கள், அப்போதும் வராவிட்டால் பேனையை மாற்றுங்கள். பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

“உதென்ன தம்பி, காசு குடுத்து வாங்கின மருந்தை ஒவ்வொரு நாளும் காத்தில விடுறதோ?”

கணக்குப் போட்டுக் காட்டினேன். பேனையில் 300 யூனிட். நாளுக்கு 28 போட்டால் பத்து நாளும் கொஞ்சமும் வரும். இரண்டு வேளைக்கும் 2 சேர்த்தால் நாளுக்கு 32, ஒன்பது நாளில் 288 போய் 12 மிஞ்சும். பல கலவைப் பேனைகளில் 12 யூனிட்டுக்குக் குறைந்தால் அந்தக் கண்ணாடி மணி ஓட இடமில்லை, கலக்கவே முடியாது. பத்தாம் நாள் காலைக்குத் தேவையான 20உம் அதில் இல்லை. ஆகவே அந்த 12ஐ விட்டுவிட்டு புதுப் பேனை. வீண்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசிச் சொட்டு வரை போட்டதில்தான் அந்த 54 வந்தது.

அளவைத் திருப்பும்போது அவர் “டிக் டிக்” சத்தத்தை எண்ணினார், மூக்குக் கண்ணாடி வேறு அறையில். சத்தத்தை நம்ப வேண்டாம். பேனையின் சிறு சன்னலில் தெரியும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரட்டை எண்கள்தான் அச்சிட்டிருக்கும், நடுவில் உள்ள கோடு ஒற்றை எண். கூடப்போனால் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்யலாம். இதிலேயே ஒரு மோசமான பிழை உண்டு: ஊசியை உடலில் குத்திய பிறகு, பொத்தானை அழுத்தாமல், திருகியைக் கையால் பின்னோக்கிச் சுழற்றி 0க்குக் கொண்டுவருவது. பார்வைக்கு எல்லாம் சரி, 0 தெரிகிறது. உள்ளே போனது ஒன்றுமில்லை. பெருவிரலால் நேராக அழுத்தித்தான் 0 வர வேண்டும்.

0 வந்ததும் அவர் பட்டென்று உருவினார். வயிற்றில் ஒரு துளி வழிந்தது. பொத்தான் முழுக்க இறங்கிய பிறகும் இன்சுலின் அந்த மெல்லிய ஊசி வழியே போய்க்கொண்டிருக்கும். சில பேனைகளுக்கு 6 விநாடி, சிலவற்றுக்கு 10. எதுவென்று தெரியாவிட்டால் 10. விரலையும் எடுக்கக் கூடாது, அழுத்தியபடியேதான் வெளியே எடுக்க வேண்டும். வேகமாக எண்ணுவது அவர் பழக்கம், பத்து எண்ண மூன்று விநாடிதான் எடுத்தார். “ஓம் முருகா” என்று பத்துத் தரம் ஆறுதலாகச் சொல்லுங்கள் என்றேன். அதை மட்டும் வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். வெளியே எடுத்ததும் முனையில் சின்னத் துளி நிற்பது வழமைதான். தோலில் வழிந்தால் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஆனால் வழிந்ததை ஈடுகட்ட இரண்டாம் முறை போடாதீர்கள், எவ்வளவு வழிந்தது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவையும் திருத்திய அன்றே நான் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அந்தப் பின்னேர 270களைப் பார்த்துத்தான் அவருடைய காலை அளவு முன்பு 14இலிருந்து 18 ஆகியிருந்தது. அரைகுறையாய்க் கலந்த மருந்துக்கு உயர்த்திய அளவு, முழுதாய்க் கலந்ததும் கூடிப்போகும். நாட்காட்டியைப் பார்த்த டொக்டர் காலை அளவை 14க்கு இறக்கி, ஒரு கிழமைக்கு நாளுக்கு நான்கு முறை சுகர் பார்க்கச் சொன்னார். அடுத்த சிலுவைக் குறிக்குப் பிறகு முதல் பின்னேரம் 168. ஒன்பதாம் நாள் பின்னேரம் 151.

“ஓம், ஆனால் அந்த மிச்சத்தை எறியேக்க எனக்கு இன்னும் மனசு கேக்குதில்லை” என்றார் பெரியம்மா, கட்டத்துக்குள் எண்ணை எழுதிக்கொண்டே.