ஊருக்கு ஒரே புள்ளி என்று நம்பி நான் கட்டிய டீசல் காசு

கும்பகோணத்தில் சின்னதாக வரைபட வேலை செய்கிறேன். சரக்கு அனுப்புகிறவர்கள் கடை முகவரிகளைக் கொடுப்பார்கள், நான் ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டு, லாரி எந்த வரிசையில் போக வேண்டும் என்று எழுதித் தருவேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் வந்து, "அண்ணே, எல்லா முகவரிக்கும் நம்பர் விழுந்துடுச்சு, ஒரு கட்டம்கூட காலியில்ல" என்றான். பத்து வருஷத்துக்கு முன்னால் இதையே நானும் இதே சந்தோஷத்தோடு ஒருவரிடம் சொன்னேன். அதனால்தான், இந்த எண்கள் எப்படியெல்லாம் தப்பிப்போகும் என்று எழுதுகிறேன்.

இரண்டையும் இடம் மாற்றி எழுதுவது

தஞ்சாவூர் 10.78, 79.13. மாற்றிப் போட்டால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம் போய் நிற்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும், விடுங்கள்.

நிமிடத்தைத் தசமமாக எழுதுவது

இது அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. பழைய புத்தகங்களில் தஞ்சாவூர் 10 டிகிரி 47 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 8 நிமிடம் கிழக்கு என்று இருக்கும். அதைப் பார்த்து 10.47, 79.08 என்று அடிப்பார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே 47-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்: 10.783. அதேபோல 79.133. நம் பக்கத்தில் ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 110 கிலோமீட்டர், தீர்க்கரேகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே இந்தச் சின்னப் பிசகு தஞ்சாவூரைத் தெற்கே 35 கிலோமீட்டர் தள்ளிப் புதுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும். அங்கேயும் தமிழ்நாடுதான், அங்கேயும் ரோடு இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது.

ஊரின் புள்ளியைக் கடையின் புள்ளி என்று நம்புவது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல் தரும் சமாச்சாரம்.

ஒரு அரிசி வியாபாரிக்காகத் திருச்சி கடைகள் 31-க்குப் பட்டியல் போட்டேன். முகவரியைக் கொடுத்தால் எண்களைத் தரும் சேவை ஒன்றில் மொத்தமாக ஏற்றினேன், எல்லாவற்றுக்கும் விடை வந்தது. வரிசை போடும் புரோகிராம் அதில் ஒன்பது கடைகளை ஒரே இடத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, "இங்கே ஒரே நிறுத்தத்தில் ஒன்பதையும் இறக்கு" என்கிற மாதிரி வரிசையைக் கொடுத்தது. எவ்வளவு வசதி என்றுதான் நினைத்தேன், என்ன சொல்ல. காலையில் டிரைவர் போன் பண்ணினார். "தம்பி, இதுல ரெண்டு ஸ்ரீரங்கம், ஒண்ணு திருவானைக்காவல், மூணு ஏர்போர்ட் பக்கம். எல்லாம் ஒரே எடம்னு போட்டிருக்கீங்க?" ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து விமான நிலையம் நேர்கோட்டிலேயே பத்து கிலோமீட்டருக்கு மேல், நடுவில் காவிரி வேறு. அன்றைக்கு லாரி பாலத்தை நான்கு தடவை தாண்டியது. டீசல் காசை என் கூலியில் பிடித்துக்கொண்டார்கள், அதில் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நடந்தது இதுதான். அந்த ஒன்பது முகவரிகளில் தெருப்பெயர் சேவைக்குப் புரியவில்லை. "தெரு கிடைக்கவில்லை" என்று நிறுத்தாமல், புரிந்த வரைக்கும், அதாவது "திருச்சி" என்பதை எடுத்துக்கொண்டு, திருச்சிக்கு என்று வைத்திருக்கும் ஒரு புள்ளியைத் திருப்பித் தந்துவிட்டது. பார்ப்பதற்கு அது மற்ற 22 எண்களைப் போலவே இருக்கும். ஆனால் அவை கடைகளின் எண்கள், இது ஊரின் பெயர்ப்பலகை மாதிரி ஒன்று.

திருச்சிக்கு ஒரு புள்ளி என்றால் அது எங்கே? அட்சரேகை பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே என்கிறது, தீர்க்கரேகை கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே என்கிறது. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு நீளமும் இல்லை அகலமும் இல்லை. ஊருக்கோ அகலம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, அக்கரை இருக்கிறது. அதனால் யாராவது ஒருவர் "இந்த இடத்தை ஊர் என்று வைத்துக்கொள்வோம்" என்று முடிவு செய்தாக வேண்டும். ஒருவர் ரயில் நிலையத்தை எடுப்பார், ஒருவர் தலைமைத் தபால் நிலையத்தை. இன்னொருவர் மாநகராட்சி எல்லையின் நடுப்புள்ளியைக் கணக்குப் போட்டு எடுப்பார். வேறொருவர் வரைபடத்தில் பெயர் எழுத எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைப்பார். எதுவும் தப்பில்லை, எல்லாம் வழக்கம்தான். நடுப்புள்ளி முறையில் கூடுதலாக ஒரு கூத்து உண்டு: எல்லை விரிந்தால் புள்ளியும் நகரும். பக்கத்து ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒத்துப்போகாது, ஆனால் ஊரில் ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது.

ஆரம்பத்தில் நில அளவைக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1808-ல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் ஆட்கள் டெல்டாவில் அளக்க வந்தபோது, தென்னை மறைக்கும் இந்தச் சமவெளியில் உயரத்துக்குக் கோயில் கோபுரங்களைத்தான் நம்பினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் தியோடலைட் என்கிற அரை டன் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி அடிபட்டது. அந்தப் பாடு அவர்கள் பட்டது "தஞ்சாவூரை" அளக்க இல்லை, கோபுரத்து மேலே ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து அளக்க. இன்றைக்குப் பட்டியல்களில் தஞ்சாவூருக்கு வழக்கமாக இருக்கும் 10.787, 79.138 அந்தக் கோயிலில் இல்லை. கிட்டத்தட்ட 800 மீட்டர் வடகிழக்கே இருக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எக்செல் தாளில் அட்சரேகை B பத்தியிலும் தீர்க்கரேகை C பத்தியிலும் இருந்தால், பக்கத்தில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIFS(B:B,B2,C:C,C2)
```

1-க்கு மேல் வந்தால் அதே புள்ளியில் இன்னொரு வரியும் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே கட்டிடத்தில் இரண்டு கடை இருக்கலாம், ஒன்பது இருந்தால் அது ஊர்ப்புள்ளி. ஆனால் ஓர் ஊரில் ஒரே ஒரு கடைதான் என்றால் இந்தச் சோதனையில் அது மாட்டாது. அதற்குச் சேவை தரும் முழுப் பதிலையும் பார்க்க வேண்டும். கூகுளின் பதிலில் `location_type` என்று ஒரு வரி வரும். அதில் `ROOFTOP` என்றால் அந்த முகவரியே கிடைத்திருக்கிறது, `APPROXIMATE` என்றால் தோராயம்தான். பெரும்பாலானவர்கள் எண்களை மட்டும் உருவிக்கொண்டு இந்த வரியைக் குப்பையில் போடுகிறார்கள். நானும் அப்போது அதைத்தான் செய்தேன்.

பையனின் பட்டியலில் அந்தச் சூத்திரத்தைப் போட்டதும் 14 வரிகளில் 14 என்றே வந்தது. அந்த எண்களை அழித்துவிட்டுக் கட்டங்களைக் காலியாக வைக்கச் சொன்னேன், முகம் வாடிவிட்டது. காலிக் கட்டம் இருந்தால் கடைக்காரருக்குப் போன் போட்டு வாசலில் நின்று லொகேஷன் அனுப்பச் சொல்லலாம். தப்பான எண் இருந்தால் யாரும் போன் போட மாட்டார்கள்.

ஊருக்கு ஆறு தசமம்

ஆறாவது தசமம் 11 சென்டிமீட்டர். ஊருக்கு எதற்கு? இரண்டு போதும்.

ஜாதகத்துக்கு ஊர்ப்புள்ளி போதுமா?

போதும். ஒரு டிகிரி கிழக்கே போனால் சூரியன் நான்கு நிமிடம் முன்னால் உதிக்கும், அந்தக் கணக்கில் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் பிசகினால் 11 நொடிதான். பிறந்த நேரத்தை யாரும் அவ்வளவு துல்லியமாகக் குறிப்பதில்லை.